பழைய ஓவியம் அசலா, போலியா? நிறம், நூல், கைமாறிய கணக்கு மூன்றும் சொல்வது என்ன?

சுங்கைப் பட்டாணியிலோ பீடோங்கிலோ கூலிமிலோ உங்கள் தாத்தா பாட்டி வீட்டுச் சுவரில் ஒரு பழைய படம் தொங்கிக்கொண்டிருக்கலாம். அது சாமிப் படமாக இருக்கலாம், தோட்டத்துத் துரை பங்களாவைக் காலி செய்தபோது யாரோ எடுத்து வந்த இயற்கைக் காட்சியாகவும் இருக்கலாம். "இது ரொம்பப் பழசு, விலை போகும்" என்று வீட்டில் ஒருவர் சொல்வார். "அதெல்லாம் கடையில வாங்குனது" என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் வேலைக்கு ஆய்வகம் தேவையில்லை, பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸ் போதும். சாமிப் படங்களில் பெரும்பாலானவை ஓவியமே அல்ல, அச்சுப் படங்கள். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கிய பிறகு அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் ஏராளமான வீடுகளுக்குள் நுழைந்தது காகிதத்தில்தான். சில அச்சுப் படங்களைத் துணியில் ஒட்டி மேலே வார்னிஷ் பூசியிருப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் எண்ணெய் ஓவியம் மாதிரியே இருக்கும். லென்ஸ் வைத்து முகத்தைப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு. தூரிகை இழுத்த தடமும், ஒரு நிறத்தின் மேல் இன்னொன்று ஏறி நிற்கும் மேடும் பள்ளமும் தெரிந்தால் யாரோ கையால் வரைந்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கையால் வரைந்தது என்று தெரிந்துவிட்டால் அடுத்து இரண்டு கேள்விகள் வரும். எப்போது வரைந்தது, யார் வரைந்தது? இதற்கு நிபுணர்கள் மூன்று இடங்களில் தேடுகிறார்கள். வண்ணத்தில் இருக்கும் நிறமி, அடியில் இருக்கும் துணியின் நெசவு, அந்த ஓவியம் யார் யார் கையில் இருந்தது என்ற கணக்கு. இந்த மூன்றும் தனித்தனியாகப் பெரிதாக எதையும் சொல்வதில்லை. ஒன்றோடு ஒன்றைக் கோர்க்கும்போதுதான் பதில் கிடைக்கிறது. இதைப் புரிந்துகொள்ள ஒரே ஓவியத்தின் கதையைப் பார்ப்போம். நம் ஊர்க் கதை அல்ல, ஐரோப்பாவில் நடந்தது. ஆனால் மூன்று சோதனையும் இவ்வளவு சுத்தமாக ஒரே இடத்தில் பொருந்திய கதை அரிது.

சந்தேகத்தில் விழுந்த குட்டி ஓவியம்

யொஹானஸ் வெர்மீர் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஓவியர். 1675-இல் இறந்தார். அவர் வரைந்ததாக இன்று ஏற்கப்படும் ஓவியங்கள் 40-ஐக்கூடத் தொடாது. அதனால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதும் இருப்பதில் ஒன்றை நீக்குவதும் உலகச் செய்தியாகிவிடும்.

நாம் பேசப்போகும் ஓவியத்தில் ஓர் இளம்பெண் விர்ஜினல் என்ற பழைய இசைக்கருவி முன் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். தோளில் மஞ்சள் சால்வை. ஓவியத்தின் உயரம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர், அகலம் 20. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் அளவுதான். தென்னாப்பிரிக்க வைர, தங்க வியாபாரத்தில் பணக்காரரான ஆல்பிரட் பெய்ட் என்பவரிடம் இது இருந்ததாக 1904-ஆம் ஆண்டு பட்டியல் ஒன்று சொல்கிறது. நமக்கு உறுதியாகத் தெரிந்த முதல் பதிவு அதுதான். இந்த ஆண்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதலில் இதை வெர்மீர் ஓவியம் என்றுதான் பலரும் எழுதினார்கள். பிறகு 1945-இல் ஹான் வான் மேகரன் கைதானார். நாஜித் தலைவர் கோரிங்கிடம் ஒரு வெர்மீர் ஓவியம் போய்ச் சேர்ந்திருந்தது. அதை விற்றவர் இவர்தான். எதிரிக்கு நாட்டின் சொத்தை விற்றார் என்ற குற்றச்சாட்டில் இருந்து தப்ப, "அதை வரைந்ததே நான்தான்" என்று ஒப்புக்கொண்டார். காவலில் இருந்தபடியே இன்னொன்றை வரைந்தும் காட்டினார். பெரிய பெரிய நிபுணர்கள் அவரிடம் ஏமாந்திருந்தார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு, கொஞ்சம் சந்தேகம் உள்ள எந்த வெர்மீரையும் தொடவே எல்லோரும் பயந்தார்கள். இந்தக் குட்டி ஓவியமும் அந்தப் பயத்தில் பட்டியல்களில் இருந்து காணாமல் போனது. அது போலி என்று யாரும் நிரூபிக்கவில்லை. கண்ணால் பார்த்து முடிவு செய்தவர்கள் கண்ணை நம்பாமல் போனதுதான் காரணம்.

1960-இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் ரோலின் என்ற சேகரிப்பாளர் இதை வாங்கினார். 1993-இல் அவர் ஏல நிறுவனமான சதபீஸை அணுகி, "இதைச் சோதித்துப் பாருங்கள்" என்றார். பதில் கிடைக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

நிறமி என்ன சொன்னது?

ஒவ்வொரு நிறமிக்கும் ஒரு பிறந்த தேதி உண்டு, சிலவற்றுக்கு இறந்த தேதியும் உண்டு. பிரஷ்யன் நீலம் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் பிறந்தது. கோபால்ட் நீலம் வந்தது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். டைட்டானியம் வெள்ளை கடைகளுக்கு வந்தது முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகுதான். கோரிங்கிடம் போன அந்த 'வெர்மீர்' ஓவியத்தில் பிறகு கோபால்ட் நீலம் கிடைத்தது. வெர்மீர் இறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்துப் பிறந்த நீலம் அது! இந்த மாதிரிக் கால முரண் ஒன்று கிடைத்தாலே போதும், கதை முடிந்தது.

இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? முதலில் ஓவியத்தைத் தொடாமலே ஒரு சோதனை. எக்ஸ் கதிரை ஒரு புள்ளியில் பாய்ச்சினால் அங்குள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி அனுப்பும். ஈயம், தகரம், கோபால்ட், டைட்டானியம் என்று கருவி பட்டியல் போடும். கையில் பிடிக்கும் துரப்பணம் அளவுக்கே கருவிகள் வந்துவிட்டன. ஆனால் இதற்கு ஒரு பெரிய குறை உண்டு. கதிர் எல்லா அடுக்குகளையும் ஊடுருவிப் போவதால், ஈயம் இருக்கிறது என்று சொல்லும், அது மேலே உள்ள மஞ்சளில் இருந்து வந்ததா அடியில் உள்ள வெள்ளைப் பூச்சில் இருந்து வந்ததா என்று சொல்லாது.

அதனால் அடுத்த படி, மாதிரி எடுப்பது. ஏற்கெனவே விரிசல் விட்ட இடத்திலோ ஓரத்திலோ முற்றுப்புள்ளியைவிடச் சிறிய ஒரு துணுக்கைக் கூரிய கத்தியால் எடுப்பார்கள். அதைப் பிசினுக்குள் பதித்து, பக்கவாட்டில் தேய்த்து மெருகேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் அடுக்குகள் தெரியும். நம்ம ஊர் குவே லாப்பிஸை வெட்டினால் தெரியுமே, அந்த மாதிரி. அடியில் துணிக்கான பூச்சு, அதற்கு மேல் முதல் நிறம், பிறகு இரண்டாவது, கடைசியில் வார்னிஷ். எந்த நிறமி எந்த அடுக்கில் என்பதுதான் உண்மையான கேள்வி. மேல் அடுக்கில் மட்டும் புதிய நிறமி இருந்தால் பிற்காலத்தில் யாரோ பழுது பார்த்திருக்கலாம். அடி அடுக்கிலேயே இருந்தால் தப்ப வழியில்லை.

இளம்பெண் ஓவியத்தை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் லிபி ஷெல்டனும், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் நிகோலா காஸ்டராஸும் ஆராய்ந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, அல்ட்ராமரைன் நீலம். ஆப்கானிஸ்தான் மலைகளில் கிடைக்கும் லாபிஸ் லசூலி கல்லை இடித்து எடுப்பது. அந்தக் காலத்தில் மிகவும் விலை உயர்ந்த நிறமி. மற்ற ஓவியர்கள் இதை மேல்பூச்சில் கஞ்சத்தனமாகப் பயன்படுத்தினார்கள். வெர்மீர் மட்டும் சாம்பல் நிறச் சுவருக்குள்கூட இதைக் கலப்பார். பார்ப்பவர் கண்ணுக்கு நீலமாகவே தெரியாத இடத்தில் அவ்வளவு பணத்தைக் கொட்டும் பழக்கம் அது. இந்த ஓவியத்தின் பின்னணிச் சுவரிலும் அதே கதை. போலி செய்பவர் லாபத்துக்காகச் செய்கிறார். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அவர் ஏன் செலவு செய்யப் போகிறார்?

இரண்டு, தோலின் நிழல் விழும் இடங்களில் பச்சை மண் நிறமி. வெர்மீர் தன் கடைசிக் காலத்தில் கையாண்ட, அவருடைய ஊரில் அதிகம் பேர் செய்யாத வழக்கம் இது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஈயமும் தகரமும் சேர்ந்த ஒரு மஞ்சள் இந்த ஓவியத்தில் இருந்தது. 17-ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். ஆனால் 1750 வாக்கில் இது வழக்கொழிந்தது. வெறுமனே வழக்கொழிந்தது என்று சொன்னால் போதாது, இப்படி ஒரு மஞ்சள் இருந்ததையே உலகம் மறந்துவிட்டது. பழைய ஓவியங்களில் இதைப் பார்த்தவர்கள் வேறொரு மஞ்சள் என்று நினைத்துக்கொண்டார்கள். 1941-இல்தான் மியூனிக்கில் ரிச்சர்ட் ஜாகோபி என்ற ஆய்வாளர் பழைய மஞ்சளில் தகரம் இருப்பதைக் கண்டு இதை மீட்டெடுத்தார்.

இப்போது 1904-ஐ எடுத்து வாருங்கள். அந்த ஆண்டே இந்த ஓவியம் பெய்ட் வீட்டில் இருந்தது. அதாவது, மறந்துபோன மஞ்சளை உலகம் மறுபடி அறிந்துகொள்வதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே இது இருக்கிறது. 1750-க்குப் பிறகு 1904-க்குள் ஒருவர் இதைப் போலியாகச் செய்திருந்தால், தனக்கே தெரியாத ஒரு நிறமியை அவர் பயன்படுத்தியிருக்க வேண்டும். அது நடக்காது. ஆகவே இது பழைய ஓவியம். கவனியுங்கள், இதை நிறமி மட்டும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் கிடைத்த மஞ்சளும் காகிதத்தில் இருந்த ஆண்டும் சேர்ந்துதான் வழியை அடைத்தன. 1904 பட்டியல் இல்லாமல் போயிருந்தால், 1941-க்குப் பிறகு விவரம் தெரிந்த யாராவது செய்திருக்கலாமே என்ற கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

ஆனால் அவசரப்படக் கூடாது. இதுவரை நிரூபணமானது காலம் மட்டும்தான், கை அல்ல. டெல்ஃப்டில் அதே மஞ்சளை வாங்கிய ஓவியர்கள் எத்தனையோ பேர். நிறமி "இல்லை" என்று உறுதியாகச் சொல்லும். "ஆமாம், இவர்தான்" என்று ஒருபோதும் சொல்லாது.

ஒரே தானில் வெட்டிய துணி

தீபாவளிக்கு அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே தானில் துணி வெட்டிச் சட்டை தைத்தால், வருஷங்கள் கழித்து அந்த இரண்டு சட்டையையும் பக்கத்தில் வைத்துக் கோடுகளைப் பொருத்திப் பார்க்கலாம். ஓவியத் துணியிலும் செய்வது இதையேதான். கோடு போட்ட துணிக்குப் பதில், வெறும் நூலின் நெருக்கத்தை வைத்துப் பொருத்துகிறார்கள்.

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. 17-ஆம் நூற்றாண்டில் எல்லாம் கைத்தறி. நூல் ஓரிடத்தில் தடிப்பாக இருக்கும், ஓரிடத்தில் மெலிந்திருக்கும். நெசவாளி ஒரு நாள் இறுக்கி அடிப்பார், இன்னொரு நாள் தளர்வாக விடுவார். ஒரு சென்டிமீட்டரில் எத்தனை நூல் என்று எண்ணிக்கொண்டே போனால் அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறும். பாவு நூல் தானின் நீளம் முழுக்க ஒன்றாகவே ஓடுவதால், அதன் நெருக்கமும் தளர்வும் ஒரே வரிசையில் தான் நெடுகத் தொடரும். ஆகவே ஒரே தானில் மேலும் கீழுமாக வெட்டிய இரண்டு துண்டுகளில் அந்த வரிசை பொருந்தும். இன்று நாம் பார்க்கும் பார்கோடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓவியம் வரைந்த பிறகு துணியை எப்படிப் பார்ப்பது? இங்கேதான் ஈயம் உதவுகிறது. அந்தக் கால ஓவியர்கள் துணியின் மேல் பூசிய அடிப்பூச்சில் பெரும்பாலும் ஈய வெள்ளை இருக்கும். அது நூல்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களில் தடிப்பாகவும், நூலின் முதுகில் மெல்லிசாகவும் படியும். ஈயம் எக்ஸ் கதிரைத் தடுக்கும். அதனால் எக்ஸ்ரே படத்தில் நெசவின் அச்சு அப்படியே தெரியும். பின்னால் வேறு துணி ஒட்டி வலுப்படுத்திய ஓவியங்களிலும் இந்த அச்சைப் பெரும்பாலும் படிக்க முடியும், ஏனென்றால் நாம் பார்ப்பது துணியை அல்ல, பூச்சில் பதிந்த அதன் தடத்தை.

முன்பெல்லாம் எக்ஸ்ரே படத்தை வைத்துக்கொண்டு லென்ஸும் ஊசியுமாக உட்கார்ந்து கையால் எண்ணினார்கள். சில இடங்களில் எண்ணிச் சராசரி எடுப்பதோடு சரி. 2000-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் ஜான்சனும், கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜான்சனும் (பெயர் ஒன்றுதான், உறவு இல்லை) இந்த வேலையைக் கணினிக்குக் கொடுத்தார்கள். ஓவியம் முழுவதையும் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நூல் நெருக்கத்தை அளந்து, நெருக்கமான இடத்துக்கு ஒரு நிறம், தளர்வான இடத்துக்கு வேறு நிறம் என்று வரைபடமாகக் காட்டியது கணினி. இரண்டு ஓவியங்களின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து நகர்த்தினால் பட்டைகள் பொருந்துகின்றனவா என்று யாரும் பார்த்துவிடலாம்.

இளம்பெண் ஓவியத்தின் துணி எதனுடன் பொருந்தியது தெரியுமா? பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'பின்னல் பின்னும் பெண்' ஓவியத்துடன். அது வெர்மீர் வரைந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அளவும் கிட்டத்தட்ட இதே அளவு. இரண்டும் ஒரே தானில் வெட்டப்பட்டவை என்று ஷெல்டன் குழு சொன்னது. ஜான்சன்களும் வால்டர் லீட்கே என்ற வெர்மீர் நிபுணரும் கணினிக் கணக்கில் அதைச் சரிபார்த்து 2012-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியக இதழில் எழுதினார்கள்.

இது ஏன் பெரிய விஷயம்? "துணி பழையது" என்பது பலவீனமான சான்று. வான் மேகரன்கூட 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்களை மலிவாக வாங்கி, வண்ணத்தைச் சுரண்டிவிட்டு அந்தத் துணியில்தான் வரைந்தார். ஆனால் "வெர்மீரின் இன்னொரு ஓவியத்துத் துணியும் இதுவும் ஒரே தான்" என்பது வேறு கதை. ஒரு போலிக்காரர் ஏதோ ஒரு பழைய துணியைக் கண்டுபிடிக்கலாம். வெர்மீரின் பட்டறையில் மிச்சமான துண்டைத் தேடிக் கண்டுபிடிப்பது நடக்கிற காரியமா?

இதோடு எக்ஸ்ரே இன்னொன்றையும் காட்டியது. படத்தின் கோடுகள் எல்லாம் போய்ச் சேரும் புள்ளியில் ஒரு சின்ன ஊசித் துளை. வெர்மீர் அந்தப் புள்ளியில் ஊசி குத்தி, அதில் நூல் கட்டி இழுத்து நேர்கோடுகளைப் போடுவார். அவருடைய பல ஓவியங்களில் இந்தத் துளை உண்டு.

கைமாறிய கணக்கில் ஓட்டை

மூன்றாவது தடயம் காகிதத்தில். ஓவியம் யாரிடம் இருந்து யாரிடம் போனது என்று பின்னோக்கிப் போக வேண்டும். 2004 ஏலத்தில் இருந்து ரோலின், ரோலினில் இருந்து பெய்ட் குடும்பம், அங்கிருந்து 1904 பட்டியல். இதுவரை பிரச்சினை இல்லை.

மறுமுனையில், 1696-இல் ஆம்ஸ்டர்டாமில் டிசியுஸ் என்பவரின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தது. அதில் வெர்மீர் ஓவியங்கள் மட்டும் 21. அவற்றில் ஒன்று, விர்ஜினல் வகைக் கருவியை வாசிக்கும் பெண். இதுவாக இருக்கலாம். ஆனால் லண்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இதே மாதிரி விர்ஜினலும் பெண்ணுமாக வெர்மீரின் இரண்டு ஓவியங்கள் இருக்கின்றன. அந்தக் காலப் பட்டியல்களில் அளவு இல்லை, படமும் இல்லை, ஒரு வரி விவரம்தான். எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆக 1696-க்கும் 1904-க்கும் நடுவே இருநூறு ஆண்டு ஓட்டை.

ஓட்டை இருந்தால் சந்தேகப்பட வேண்டாமா என்று கேட்பீர்கள். என்னைக் கேட்டால், ஓட்டையே இல்லாத கணக்கைப் பார்த்துத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 2006-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் ஹைன்ரிக் காம்பென்டோங்க் 1914-இல் வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓவியம் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விலை போனது. அதன் பின்னால் புகழ்பெற்ற கலை வணிகர் ஃபிளெக்ட்ஹைம் பெயரில் லேபிள் ஒட்டியிருந்தது. பாட்டியின் வீட்டுச் சுவரில் அந்தச் சேகரிப்பு ஓவியங்கள் தொங்கும் பழைய புகைப்படமும் பிறகு வந்தது. எல்லாம் கச்சிதம். வோல்ஃப்காங் பெல்ட்ராக்கி என்பவர்தான் அதை வரைந்தவர். லேபிள் அவர்கள் தயாரித்தது. புகைப்படத்தில் பாட்டி வேஷம் போட்டு உட்கார்ந்திருந்தது அவர் மனைவி.

அவரை மாட்டிவிட்டது எது? டைட்டானியம் வெள்ளை. பழைய காலத்துக்குப் பொருந்தும் துத்தநாக வெள்ளைதான் என்று நினைத்து அவர் வாங்கிய குழாயில், வெளியே எழுதாமல் கொஞ்சம் டைட்டானியமும் கலந்திருந்தது. 1914-இல் அது கடையில் கிடையாது. 2011-இல் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. காகிதம் பொய் சொன்ன இடத்தில் நிறமி உண்மையைச் சொன்னது. இளம்பெண் ஓவியத்தில் காகிதம் மௌனமாக இருந்த இடத்தை மஞ்சளும் துணியும் நிரப்பின.

2004 ஜூலையில் லண்டனில் அந்தக் குட்டி ஓவியம் ஏறக்குறைய 1 கோடியே 62 லட்சம் பவுண்டுக்கு விலை போனது. வெர்மீர் ஓவியம் ஒன்று ஏலத்துக்கு வந்தது 80 ஆண்டுகளுக்குப் பிறகு அப்போதுதான். 2023-இல் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் நடத்திய பெரிய வெர்மீர் கண்காட்சியிலும் இது இடம் பிடித்தது. இருந்தாலும் எல்லோரும் முழுதாகச் சமாதானம் ஆகிவிடவில்லை. அந்த மஞ்சள் சால்வையின் மடிப்புகள் கனமாக, கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கின்றன. அதை மட்டும் பிறகு வேறொருவர் தீட்டி முடித்திருக்கலாம் என்று நிபுணர்களே சொல்கிறார்கள். நிறமி அங்கே உதவாது. சில ஆண்டு இடைவெளியில் இன்னொருவர் அதே மஞ்சளை எடுத்துத் தீட்டியிருந்தால் எந்தக் கருவியும் பிரித்துக் காட்டாது.

ஒரே தகவலை வைத்து இரண்டு முடிவுக்கு வருவதும் நடக்கும். வாஷிங்டன் தேசிய ஓவியக் காட்சியகம் தன்னிடம் உள்ள 'புல்லாங்குழலுடன் பெண்' வெர்மீர் வரைந்தது அல்ல என்று நுண்ணோக்கி ஆய்வுக்குப் பின் 2022 அக்டோபரில் அறிவித்தது. சில மாதங்களில் ரைக்ஸ் அருங்காட்சியகம் அதே ஓவியத்தைக் கடன் வாங்கி, வெர்மீர் என்றே எழுதி மாட்டியது!

கெடாவில் ஓர் ஓவியம் கிடைத்தால்?

சரி, நம்ம பக்கம் வருவோம். ஒரு கற்பனை வைத்துக்கொள்வோம். பழைய தோட்ட பங்களாவில் இருந்து வந்த ஓவியம், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு பாதை, மூலையில் ஒரு கையெழுத்தும் 1912 என்ற ஆண்டும். நம்பலாமா?

முதலில் முன்பக்கத்தை விட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அந்தக் காலத்தில் இங்கே வந்த கேன்வஸ் பெரும்பாலும் தயார் நிலையில் பூச்சுப் போட்டு இங்கிலாந்தில் இருந்து வந்தது. தயாரித்த கம்பெனி துணியின் பின்னால் முத்திரை குத்தியிருக்கும். கம்பெனிகள் முகவரியும் பெயரும் மாற்றியபோது முத்திரையும் மாறியது. அதை வைத்தே துணி எந்தச் சில ஆண்டுகளுக்குள் தயாரானது என்று சொல்ல முடியும். நூல் எண்ணும் வித்தை இங்கே அவ்வளவு உதவாது. ஆலைத் துணியில் நெசவு ஒரே சீராக இருப்பதால், கைத்தறியில் கிடைக்கும் அந்தத் தனி அடையாளம் மங்கிவிடும்.

அடுத்து வெள்ளை. 1912 ஓவியத்தில் ஈய வெள்ளையோ துத்தநாக வெள்ளையோ இருக்கலாம், டைட்டானியம் இருக்கக் கூடாது. கருவி டைட்டானியம் காட்டினால் உடனே போலி என்று குதிக்கவும் கூடாது. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓவியங்களில் பூஞ்சை பிடிக்கும், வண்ணம் உதிரும், யாராவது மேலே பூசிச் சரிசெய்திருப்பார்கள். வானத்தில் ஒரு மூலையில் மட்டும் டைட்டானியம் என்றால் அது பழுது பார்த்த இடமாக இருக்கலாம். புற ஊதா விளக்கில் பார்த்தால் பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிரும், பிற்காலப் பூச்சு இருட்டுத் திட்டாகத் தெரியும். மாறாக, துணியின் மேல் போட்ட அடிப்பூச்சிலேயே டைட்டானியம் இருந்தால் 1912 என்ற எழுத்து பொய். ஓவியரே பிற்காலத்தில் ஞாபகமாக வரைந்து பழைய ஆண்டைப் போட்டிருக்கலாம் என்பதையும் மறக்காதீர்கள். தேதி தப்பு என்றால் ஆள் தப்பு என்று ஆகிவிடாது.

பிறகு கதை. "துரை 1943-இல் எங்க கொள்ளுத்தாத்தாவுக்குக் கொடுத்தார்" என்று யாராவது சொன்னால் நிறுத்திக் கேளுங்கள். அது ஜப்பானியர் காலம். அந்த ஆண்டு அக்டோபரில் கெடாவை ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. பிரிட்டிஷ் துரைமார் ஓடிப்போயிருந்தார்கள், இல்லாவிட்டால் சிறை முகாமில் இருந்தார்கள். ஓவியம் அப்போது கைமாறியிருக்கலாம், ஆனால் துரை கையால் அல்ல. இப்படிக் கதையைத் தேதியோடு உரசிப் பார்ப்பதுதான் பாதி வேலை. தோட்டம் எந்தக் கம்பெனியிடம் இருந்தது, எப்போது விற்றார்கள், எந்த மேனேஜர் எந்த ஆண்டுகளில் இருந்தார் என்பதைக் கம்பெனி ஆண்டறிக்கைகளிலும் ஆவணக் காப்பகத்திலும் தேடலாம்.

உண்மையில் நம் வட்டாரத்தில் பெரிய சிக்கல் வேறு. வெர்மீருக்கு ஒப்பிட்டுப் பார்க்க லூவ்ர் ஓவியம் இருந்தது. ஒரு மலாயா ஓவியரை எதனுடன் ஒப்பிடுவது? அவர் எந்தக் கடையில் என்ன வண்ணம் வாங்கினார், எந்தத் துணியில் வரைந்தார் என்று சந்தேகமில்லாத அவருடைய ஓவியங்களில் இருந்து முதலில் பட்டியல் எடுத்தால்தான் சந்தேகமான ஒன்றைச் சோதிக்க முடியும். சிங்கப்பூரின் மரபுடைமைப் பாதுகாப்பு மையம் அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறது. சிறுவயதை மூவாரில் கழித்த ஓவியர் லியு காங், 1929 முதல் 1932 வரை பாரிஸில் இருந்தபோது வரைந்தவற்றின் நிறமியையும் துணியையும் அலசி 2021-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அவருடைய மற்ற காலங்களுக்கும் அது தொடர்ந்தது. நாளை ஒரு சந்தேக லியு காங் கிடைத்தால் ஒப்பிட அளவுகோல் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் படத்துக்கு ஆய்வகம் தேவைப்படாமலே போகலாம். ஆனால் ஃபிரேம் கடைக்குக் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பின்பக்கத்தை முழுசாகப் போட்டோ எடுங்கள். கிழிந்த லேபிள், பென்சில் எண், துருப்பிடித்த ஆணி, கடை முத்திரை, சட்டத்தில் சுற்றிய துணியின் ஓரம் எல்லாமே சான்று. புது ஃபிரேம் போடுபவர்கள் முதலில் கிழித்துப் போடுவது அதைத்தான். முன்பக்கத்தை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், உருளைக்கிழங்கு, பேபி ஆயில் வைத்தியமும் வேண்டாம். பாட்டியிடம் இந்தப் படம் எப்போது, யார் வழியாக வந்தது என்று கேட்டு, அவர் சொன்னபடியே, சொன்ன தேதியையும் போட்டு எழுதி வையுங்கள். அந்தத் தாளைப் படத்தில் ஒட்டாமல் தனியாக ஒரு கவரில் போட்டு வைப்பது நல்லது.